முதல் சொல் விழுங்கப்படாமல் பேச: ஹெல்மெட் இன்டர்காம், பி.டி.டி. பட்டன், ஃபோன் மூன்றையும் புளூடூத்தில் இணைப்பது எப்படி?

இரண்டு பைக்குகளில் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் போன நண்பர், “அடுத்த இடதுல திரும்புங்க” என்று சொன்னார். என் ஹெல்மெட்டில் விழுந்தது, “இடதுல திரும்புங்க”. எதிரே வந்த முதல் இடதுபக்கச் சாலையிலேயே திரும்பிவிட்டேன். அவர் சொன்னது அதற்கு அடுத்த சாலையை, அதனால் நேராகப் போய்விட்டார். மறுபடி ஒருவரையொருவர் கண்டுபிடிக்கவே அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது.

தொலைந்தது ஒரே ஒரு சொல். அன்று எங்கள் இருவர் ஹெல்மெட்டும் ஃபோனோடு இணைந்துதான் இருந்தன. நீல விளக்கு மினுக்கியது, பாட்டு கேட்டது, ஃபோன் அழைப்பும் வேலை செய்தது. அப்படியும் “அடுத்த” என்ற சொல் மட்டும் வந்து சேரவில்லை. அது எங்கே போனது என்று தேடப்போய்த்தான், இணைப்பது என்றால் உண்மையில் என்னென்ன செய்ய வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

இங்கே எடுத்துக்கொள்ளும் அமைப்பு இதுதான்: ஹெல்மெட்டில் புளூடூத் இன்டர்காம், ஃபோனில் Zello போன்ற வாக்கி டாக்கி செயலி, ஹேண்டில்பாரின் இடதுபக்கம் அழுத்திப் பேசும் பட்டன். இந்தப் பட்டனைத்தான் சுருக்கமாகப் பி.டி.டி. என்கிறார்கள். கையில் பிடிக்கும் உண்மையான வாக்கி டாக்கியை ஹெல்மெட்டோடு சேர்ப்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரே புளூடூத், இரண்டு வழிகள்

ஹெல்மெட்டுக்கும் ஃபோனுக்கும் இடையே ஒலி போக இரண்டு தனித்தனி வழிகள் இருக்கின்றன. இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் வராது.

ஒன்று பாட்டு வழி. தொழில்நுட்பப் பெயர் ஏ2டிபி. ஒலி ஃபோனிலிருந்து ஹெல்மெட்டுக்கு மட்டும் போகும், தரம் நன்றாக இருக்கும், ஸ்டீரியோவில் கேட்கும். ஆனால் இந்த வழியில் உங்கள் மைக் வேலை செய்யாது.

இன்னொன்று அழைப்பு வழி. பெயர் ஹெச்எஃப்பி. ஒலி இரண்டு பக்கமும் போகும், மைக் வேலை செய்யும். அதற்கு ஈடாகத் தரம் இறங்கிவிடும். பழைய கருவிகளில் விநாடிக்கு 8,000 மாதிரிகள், கொஞ்சம் புதியவற்றில் 16,000 மாதிரிகள்தான் போகும். பாட்டு வழியில் வழக்கமாக 44,100. அதனால்தான் பி.டி.டி. செயலியில் பேசும்போது குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. இதற்காக ஸ்பீக்கரை மாற்ற வேண்டாம், அதில் பழுது எதுவும் இல்லை.

பட்டனை அழுத்தியதும் செயலி மைக்கைக் கேட்கிறது. ஃபோன் உடனே பாட்டு வழியை நிறுத்திவிட்டு அழைப்பு வழியைத் திறக்கிறது. ஃபோன் அழைப்பு வந்ததாக எடுத்துக்கொண்டு ஹெல்மெட்டும் தன்னை மாற்றிக்கொள்கிறது. இந்த மாற்றத்துக்குக் கருவியைப் பொறுத்து அரை விநாடியிலிருந்து ஒன்றரை விநாடி வரை ஆகலாம். அதற்குள் நீங்கள் பேசிய சொல் மைக்கைத் தாண்டிப் போவதில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு இணைப்புக்குப் போகலாம்.

ஹெல்மெட்டை ஃபோனோடு சேர்த்தல்

எல்லாவற்றுக்கும் முன்னால் பழைய இணைப்புகளை அழியுங்கள். ஹெல்மெட்டில் மாட்டிய இன்டர்காம் யூனிட் பல கருவிகளை நினைவில் வைத்திருக்கும். ஆன் செய்ததும் அவற்றைத் தேடிப் போகும். நீங்கள் மறந்துபோன பழைய ஃபோனோ, பைக்குள் கிடக்கும் டேப்லெட்டோ முந்திக்கொண்டு அதைப் பிடித்துவிடும். பெரும்பாலான யூனிட்களில் இணைப்புகளை மட்டும் அழிக்க ஒரு தேர்வும், எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோக இன்னொரு தேர்வும் இருக்கும். முதலாவது போதும். ஃபோன் பக்கத்திலும் அந்த ஹெல்மெட்டின் பெயரைத் தொட்டு Forget கொடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அழித்தால், இணைந்தது போலக் காட்டும், ஆனால் ஒலி வராது. இந்த நிலையில் பலர் மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது யூனிட்டை ஃபோன் இணைப்பு நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். இங்கேதான் முதல் பொறி இருக்கிறது. ஹெல்மெட் யூனிட்டில் இணைப்பு நிலை ஒன்று மட்டும் இல்லை. ஃபோனோடு இணைய ஒன்று, இன்னொரு ஹெல்மெட்டோடு இணைய ஒன்று, இரண்டாவது ஃபோனோ வழிகாட்டிக் கருவியோ இணைய வேறொன்று என்று தனித்தனியாக இருக்கும். எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே பட்டனைத்தான் அழுத்தச் சொல்வார்கள், எத்தனை விநாடி பிடிக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். ஃபோன் நிலை என்றால் பல யூனிட்களில் விளக்கு சிவப்பும் நீலமுமாக மாறி மாறி எரியும், குரலிலும் “phone pairing” என்று சொல்லும். விளக்கின் நிறம் மாடலுக்கு மாடல் மாறுவதால் குரலை நம்புவதே நல்லது. ஹெல்மெட்டைத் தலையில் போட்டுக்கொண்டு செய்யுங்கள், மேசைமேல் வைத்துச் செய்தால் அந்தக் குரல் காதில் விழாது.

ஆண்ட்ராய்டு ஃபோனில் Settings, அப்புறம் Connected devices, அதற்குள் Pair new device. சில கம்பெனி ஃபோன்களில் இந்தப் பெயர்கள் கொஞ்சம் மாறியிருக்கும். பட்டியலில் ஹெல்மெட்டின் பெயர் வந்ததும் தொடுங்கள். பழைய யூனிட் எண் கேட்டால் பெரும்பாலும் 0000. ஐஃபோனில் Settings, அதில் Bluetooth.

இணைந்தவுடன் எழுந்துவிடாதீர்கள். ஆண்ட்ராய்டில் ஹெல்மெட்டின் பெயருக்குப் பக்கத்திலுள்ள பற்சக்கரக் குறியைத் தொட்டால் Phone calls, Media audio என்று இரண்டு சுவிட்சுகள் தெரியும். நாம் மேலே பார்த்த இரண்டு வழிகள்தான் இவை. இரண்டும் ஆனில் இருக்க வேண்டும். Phone calls ஆஃபில் இருந்தால் பாட்டு அருமையாகக் கேட்கும், ஆனால் பேசினால் ஃபோனின் சொந்த மைக்தான் எடுக்கும். அது ஜாக்கெட் பைக்குள் இருப்பதால் எதிரில் இருப்பவருக்குத் துணி உரசும் சத்தம் மட்டும் போகும். “உங்க குரலே வரல, சரசரன்னு கேக்குது” என்று யாராவது சொன்னால் முதலில் இந்த சுவிட்சைத்தான் பாருங்கள். ஐஃபோனில் இப்படித் தனித்தனி சுவிட்சு கிடையாது. பெயருக்குப் பக்கத்திலுள்ள i குறியைத் தொட்டு, Device Type என்பதில் Headphone என்று வைத்துவிட்டால் போதும்.

இரண்டு வழிகளையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒரு பாட்டைப் போட்டுக் கேளுங்கள். பிறகு வீட்டில் யாரையாவது உங்களுக்கு உண்மையாகவே ஃபோன் செய்யச் சொல்லி ஹெல்மெட்டில் எடுத்துப் பேசுங்கள். அந்த அழைப்பு ஓடும்போதே சத்தத்தைக் கூட்டி வையுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாட்டுக்கு ஒரு சத்த அளவு, அழைப்புக்கு ஒன்று, இன்டர்காமுக்கு ஒன்று என்று யூனிட் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கும். எந்த ஒலி ஓடுகிறதோ அதன் அளவு மட்டுமே அப்போது மாறும். பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டு, பி.டி.டி.யில் குரல் ஏன் முனகலாகக் கேட்கிறது என்று யோசிப்பவர்கள் எல்லோருக்கும் இதுதான் காரணம்.

செயலிக்கு வேண்டிய அனுமதிகள்

இது சின்ன வேலைதான், ஆனால் விட்டுவிட்டால் வழியில் தொந்தரவு. மைக் அனுமதி கட்டாயம். ஆண்ட்ராய்டு 12 முதல் Nearby devices என்ற அனுமதியும் தேவை. அது இல்லாமல் செயலியால் ஹெல்மெட்டையோ பட்டனையோ தொடவே முடியாது. அதற்குப் பிறகு பேட்டரி. செயலியின் App info பக்கத்தில் பேட்டரி பகுதிக்குப் போய் Unrestricted என்று வையுங்கள். இல்லையென்றால் திரை அணைந்து கொஞ்ச நேரத்தில் ஆண்ட்ராய்டு அந்தச் செயலியைத் தூங்க வைத்துவிடும். வீட்டில் சோதிக்கும்போது திரை எரிந்துகொண்டே இருப்பதால் இது தெரியாது. கிளம்பி இருபது நிமிடம் கழித்துத்தான் ஆள் காணாமல் போவார்.

ஐஃபோனில் 2022-இல் வந்த ஐஓஎஸ் 16 முதல், இத்தகைய செயலிகள் பின்னணியில் இருந்தபடியே பேச ஆப்பிள் தனி வசதி கொடுத்திருக்கிறது. ஃபோனும் செயலியும் அதற்கு முந்தையதாக இருந்தால் முதலில் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

பட்டன்: எந்த இனம் என்று பார்த்துவிட்டு இணையுங்கள்

பட்டன் வாங்குபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. வெளியே பார்க்க எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும், உள்ளே மூன்று இனம்.

முதல் இனம் குறைந்த மின்சாரத்தில் ஓடும் புளூடூத் எல்இ பட்டன். காசு வடிவச் சிறு பேட்டரி ஒன்றில் பல மாதம் ஓடும். இதை ஃபோனின் Settings-இல் போய் இணைக்கக் கூடாது. செயலிக்குள் பி.டி.டி. பட்டன் பகுதிக்குப் போய் அங்கிருந்துதான் சேர்க்க வேண்டும். ஃபோனின் பட்டியலில் சேர்த்துவிட்டால் பல சமயம் செயலியின் கண்ணுக்கு அது தெரியாமல் போய்விடும்.

இரண்டாவது, பழைய முறையில் தொடர் இணைப்பு வழியாகப் பேசும் பட்டன். இதற்கு நேர்மாறாக முதலில் ஃபோனின் Settings-இல் சேர்த்து, அப்புறம் செயலியில் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் நன்றாக வேலை செய்யும். இந்த இனத்தில் பெரும்பாலானவை ஐஃபோனில் வேலை செய்யாது. ஐஃபோன்காரர்கள் எல்இ பட்டன்தானா என்று பெட்டியில் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

மூன்றாவது பாட்டுப் பட்டன். ஹேண்டில்பாரில் மாட்டி, பாட்டை ஓடவிடவும் நிறுத்தவும் உதவும் வகை. ஃபோன் இதைக் கீபோர்டு போலப் பார்க்கிறது. சில செயலிகள் இதையும் பி.டி.டி.யாக ஏற்கும். ஆனால் இவற்றில் பல “அழுத்தினார்” என்ற செய்தியை மட்டும் அனுப்பும், “விட்டார்” என்பதை அனுப்பாது. அப்படியானால் ஒருமுறை அழுத்தினால் பேச்சு தொடங்கும், மறுபடி அழுத்தினால்தான் நிற்கும். மறந்துவிட்டால் நீங்கள் பாடுவதை முழுக் குழுவும் கேட்கும், வேறு யாராலும் பேசவும் முடியாது. அழுத்தியிருக்கும் வரை பேச்சு, விட்டால் நிற்பது என்ற முறைதான் பைக்கில் பாதுகாப்பானது. அதனால் இந்த மூன்றாவது இனத்தை நான் பரிந்துரைப்பதில்லை.

இடதுகைக் கட்டைவிரல் எட்டும் இடத்தில், க்ளட்ச் பிடிக்கும்போது இடிக்காதபடி மாட்டுங்கள். நீங்கள் போடும் கையுறையைப் போட்டுக்கொண்டே அழுத்திப் பாருங்கள். எல்இ பட்டன்கள் வெகுநேரம் தொடாமல் இருந்தால் தூங்கிப்போகும், முதல் அழுத்தத்தில் விழித்துக்கொள்ளும், இரண்டாவதில்தான் வேலை செய்யும். உங்கள் பட்டன் இப்படியா என்று அரைமணி நேரம் சும்மா விட்டுவிட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சொல் எங்கே போனது?

இனி நாங்கள் தேடிய கதைக்கு வருகிறேன். இந்தச் சோதனையை நீங்களும் அப்படியே செய்யலாம். பைக் தேவையில்லை, வீட்டிலேயே இரண்டு அறைகள் போதும்.

Zello-வில் Echo என்று ஒரு தொடர்பு இருக்கிறது. அதில் பேசினால் நீங்கள் பேசியதே திரும்பி வரும். நண்பர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, பட்டனை அழுத்திய அதே நொடியில் “ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து” என்று சீராக எண்ணினார், விநாடிக்கு இரண்டு எண் என்ற வேகத்தில். திரும்பி வந்தது “இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து”. ஆக அவர் பக்கம் ஏறக்குறைய அரை விநாடி விழுங்கப்படுகிறது. அடுத்த முறை பட்டனை அழுத்தி, ஹெல்மெட்டில் “பீப்” வந்த பிறகு எண்ணச் சொன்னேன். ஐந்தும் முழுதாக வந்தன.

சரி, தவறு நண்பருடையதுதான் என்று முடித்துவிடப் பார்த்தேன். ஆனால் அவர் அன்று பீப்புக்குக் காத்திருந்துதான் பேசினேன் என்று உறுதியாகச் சொன்னார். அதனால் என் ஃபோனிலேயே அன்றைய பதிவை எடுத்தோம். இந்தச் செயலிகளில் வந்த செய்திகள் வரலாற்றில் சேர்ந்திருக்கும். என் ஃபோனின் புளூடூத்தை அணைத்துவிட்டு, ஃபோனின் சொந்த ஸ்பீக்கரில் அந்தச் செய்தியைப் போட்டேன். “அடுத்த இடதுல திரும்புங்க” என்று தெளிவாகக் கேட்டது.

அதாவது அவர் பேசியது முழுதாக என் ஃபோனுக்கு வந்து சேர்ந்துவிட்டது. என் ஃபோனிலிருந்து என் ஹெல்மெட்டுக்குப் போகும் அந்த ஒரு மீட்டருக்குள்தான் சொல் தொலைந்திருக்கிறது. அன்று நான் பாட்டு எதுவும் போடவில்லை. பத்து நிமிடத்துக்கு மேல் ஹெல்மெட்டில் எந்த ஒலியும் ஓடவில்லை. ஒலி ஓடாதபோது ஃபோன் அந்த வழியை மூடி வைக்கும், ஹெல்மெட்டும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தன் ஒலிபெருக்கிப் பகுதியை அணைத்துவிடும். திடீரென ஒரு குரல் வந்தால் இரண்டும் விழிக்க நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்குள் “அடுத்த” போய்விட்டது.

எனவே சொல் தொலையும் இடங்கள் இரண்டு. பேசுபவரின் மைக் திறக்கும் இடம், கேட்பவரின் ஸ்பீக்கர் விழிக்கும் இடம். வரலாற்றுப் பதிவில் சொல் இல்லையென்றால் தவறு பேசுபவர் பக்கம். பதிவில் இருந்து காதில் மட்டும் விழவில்லையென்றால் கேட்பவர் பக்கம். இதைப் பிரித்துப் பார்க்காமல் ஃபோனையும் ஹெல்மெட்டையும் மாற்றிக்கொண்டே இருந்தால் முடிவே வராது.

பேசுபவர் பக்கத்துக்கு மருந்து, பீப்புக்குக் காத்திருப்பது. உங்கள் ஹெல்மெட்டில் பீப் வரவில்லையென்றால் செயலியின் ஒலி அமைப்புகளில் அதை ஆன் செய்யுங்கள். கேட்பவர் பக்கத்துக்கு மருந்து, தொலைந்தாலும் நஷ்டமில்லாத ஒரு சொல்லை முன்னால் வைப்பது. வானொலியில் பேசிப் பழகியவர்கள் முதலில் ஆளின் பெயரைச் சொல்லிவிட்டு, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் செய்தியைச் சொல்வார்கள். நாங்களும் அப்படியே மாறினோம்: “அண்ணே… அடுத்த இடதுல திரும்புங்க, அடுத்த இடது.” “அண்ணே” பாதி போனாலும் பரவாயில்லை. முக்கியமான சொல் இரண்டு முறை வருகிறது, அதுவும் கடைசியில் வருகிறது.

சில செயலிகளில் அழைப்பு வழியை எப்போதும் திறந்தே வைக்க ஒரு தேர்வு இருக்கும். அதைப் போட்டால் தாமதம் குறையும். ஆனால் பாட்டு தகர டப்பாவில்தான் கேட்கும், இரண்டு பேட்டரியும் சீக்கிரம் இறங்கும், அடுத்து சொல்லப்போகும் பின்சீட்டுச் சிக்கலும் நாள் முழுக்க இருக்கும். நீண்ட பயணத்துக்கு நான் அதைப் போடுவதில்லை.

ஒன்றை மட்டும் எல்லோரும் நினைவில் வையுங்கள். எவ்வளவு சரியாக அமைத்தாலும், பட்டன் அழுத்தி, வழி திறந்து, பேச்சு இணையம் வழியாகப் போய், அந்தப் பக்கம் விழித்து ஒலிக்க இரண்டு விநாடி ஆகிவிடலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறோம். இரண்டு விநாடியில் 33 மீட்டர். “குழி!” என்று நீங்கள் கத்துவது பின்னால் வருபவருக்குக் கேட்கும்போது அவர் குழிக்குள் இருப்பார். எங்கே திரும்புவது, எங்கே நிற்பது, யாருக்குப் பெட்ரோல் குறைகிறது என்பதற்கு ஃபோன் வழி பி.டி.டி. சரி. உடனடி எச்சரிக்கைக்கு ஹெல்மெட்டிலிருந்து ஹெல்மெட்டுக்கு நேராகப் பேசும் இன்டர்காமும், கைச் சைகையும், பிரேக் விளக்கும்தான்.

பின்சீட்டில் ஆள் இருந்தால்

பின்னால் உட்கார்ந்து வருபவரோடு இன்டர்காமில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். குழுவில் யாரோ பி.டி.டி.யில் பேசுகிறார். உடனே பின்சீட்டுக் குரல் அறுந்துபோகிறது. பலர் இதைப் பழுது என்று நினைக்கிறார்கள்.

ஹெல்மெட் யூனிட்டுக்குள் ஒரு முன்னுரிமை வரிசை இருக்கிறது. வழக்கமாக ஃபோன் அழைப்பு முதலில், அதற்குக் கீழே இன்டர்காம், எல்லாவற்றுக்கும் கீழே பாட்டு. பி.டி.டி. செயலி அழைப்பு வழியைத் திறக்கும்போது யூனிட்டுக்கு அது ஃபோன் அழைப்பாகவே தெரிகிறது, இன்டர்காமை நிறுத்தி வைக்கிறது. வழி மூடியதும் இன்டர்காமைத் தானே மீட்டுத் தரும், சில விநாடி கழித்து. இதே வரிசையால்தான், பாட்டு வழியில் வரும் வழிகாட்டிச் செயலியின் குரலும் இன்டர்காமில் பேசும்போது அமுங்கிப்போகிறது.

புதிய யூனிட்களில் இரண்டு ஒலியையும் கலந்து கேட்க ஒரு வசதி வருகிறது. பெரும்பாலும் அது இன்டர்காமையும் பாட்டையும் கலக்கும், அழைப்பைக் கலக்காது. ஆகவே வாங்கும்முன் உங்கள் பி.டி.டி. செயலியைப் போட்டுச் சோதித்துப் பாருங்கள். அது முடியாதென்றால் வேலையைப் பிரித்துக்கொள்வதுதான் வழி. நாங்கள் இப்போது செய்வது: பின்சீட்டில் வருபவரின் ஹெல்மெட்டைத்தான் பி.டி.டி. ஃபோனோடு சேர்க்கிறோம், பட்டனும் அவர் கையில். ஓட்டுபவருக்கு இன்டர்காம் மட்டும். குழுவில் வரும் செய்தியைப் பின்சீட்டில் இருப்பவர் கேட்டுச் சொல்கிறார். ஓட்டுபவர் ஒரு பட்டனையும் தொட வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்து இதைவிட நிம்மதியான அமைப்பு இல்லை.

மைக்கும் காற்றும்

அசையும் தண்டு மைக் என்றால் உதட்டின் ஓரத்தை ஒட்டி, ஒரு விரல் இடைவெளிக்குள் இருக்க வேண்டும். ஒலி புகும் பக்கம் வாயைப் பார்த்து இருக்கிறதா என்று யூனிட்டின் கையேட்டுப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், திருப்பி மாட்டினால் காற்றுதான் முதலில் உள்ளே போகும். முழு முக ஹெல்மெட்டுக்கு, தாடைப் பகுதியின் உள்ளே ஒட்டும் சிறு மைக் நல்லது. பஞ்சு உறை கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

குரல் கேட்டவுடன் தானே பேச்சைத் தொடங்கும் வசதி யூனிட்டிலும் இருக்கும், செயலியிலும் இருக்கும். இரண்டையும் அணைத்துவிடுங்கள். வேகமெடுத்ததும் காற்றின் இரைச்சலை அது குரல் என்று நினைத்துக்கொள்ளும். சேனல் முழுக்க உங்கள் காற்றுதான் ஓடும்.

குரல் விட்டு விட்டு வந்தால் ஃபோன் இருக்கும் இடத்தைப் பாருங்கள். புளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் நிறைந்த மனித உடல் நன்றாகவே உறிஞ்சும். ஹெல்மெட் யூனிட் பெரும்பாலும் இடதுபக்கம் இருக்கிறது. ஃபோன் வலது பின்பாக்கெட்டில் இருந்தால் நடுவே உங்கள் உடல் முழுதும் நிற்கிறது. ஜாக்கெட்டின் இடது மார்புப் பைக்கோ ஹேண்டில்பார் பிடிப்பானுக்கோ மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். குரல் விட்டு விட்டு வருவது ஃபோன் நெட்வொர்க்கால்தானா என்று சந்தேகம் வந்தால் பாட்டைப் போட்டுப் பாருங்கள், ஃபோனில் சேமித்த பாட்டாக இருக்கட்டும். அதுவும் விக்கினால் புளூடூத், அது சீராக ஓடினால் நெட்வொர்க்.

கையில் பிடிக்கும் வாக்கி டாக்கி என்றால்

ஃபோன் நெட்வொர்க் கிடைக்காத மலைப் பாதைகளில் செயலி பயன்படாது, அங்கே உண்மையான ரேடியோதான். பெரும்பாலான சாதாரண வாக்கி டாக்கிகளில் புளூடூத் இல்லை. அவற்றின் பக்கவாட்டிலுள்ள இரட்டைத் துளை சாக்கெட்டில் ஒரு சிறு புளூடூத் அடாப்டரைச் செருக வேண்டும். இந்த அடாப்டர் ஹெல்மெட்டின் பார்வையில் இன்னொரு ஃபோன்தான். அதனால் உங்கள் ஃபோனை வழக்கமான ஃபோன் நிலையில் சேர்த்துவிட்டு, அடாப்டரை இரண்டாவது ஃபோனுக்கான இணைப்பு நிலையில் சேருங்கள். வரிசையை மாற்றி இரண்டையும் முதல் நிலையிலேயே சேர்த்தால், பின்னால் வந்தது முன்னதை வெளியே தள்ளிவிடும்.

அடாப்டர்களில் திரையும் கிடையாது, பட்டியலும் கிடையாது. ஹெல்மெட்டையும் அடாப்டரையும் ஒரே சமயத்தில் இணைப்பு நிலையில் வைத்து, அருகருகே பிடித்து ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஃபோனின் புளூடூத்தை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் ஹெல்மெட் பழக்கப்பட்ட ஃபோனிடமே ஓடிவிடும். அடாப்டர் சேர்ந்து, ரேடியோவின் ஒலி ஹெல்மெட்டில் கேட்ட பிறகு ஃபோனை மறுபடி ஆன் செய்யலாம்.

ரேடியோவின் சத்தத்தைப் பாதியில் வைத்துவிட்டு, மீதியை ஹெல்மெட்டில் கூட்டுங்கள். ரேடியோவிலேயே முழுதாக வைத்தால் அடாப்டருக்குள் நுழையும்போதே ஒலி உடைந்துவிடும், அப்புறம் ஹெல்மெட்டில் எவ்வளவு குறைத்தாலும் கரகரப்பு போகாது. நீங்கள் பேசும்போது மட்டும் அந்தப் பக்கம் உறுமல் கேட்கிறதென்றால், ரேடியோவின் ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் அலை அடாப்டருக்குள் புகுகிறது. ஆன்டெனாவை அடாப்டரிலிருந்தும், பட்டனுக்கு வயர் இருந்தால் அதிலிருந்தும் தள்ளி வையுங்கள், அல்லது அனுப்பும் சக்தியைக் குறைவான நிலைக்கு மாற்றுங்கள். அப்படியும் உறுமினால், பைக்கின் யூஎஸ்பியிலிருந்து ரேடியோவுக்கு சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வயரைப் பிடுங்கியதும் அமைதியானால், இனி நிறுத்தும் இடங்களில் மட்டும் சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள்.